கம்பெனிக் கடன் யார் கடன்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாமா என்று நம்ம கூட்டமைப்பில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும். "கம்பெனி நொடிச்சுப்போனா கடனை யாருங்க கட்டுறது? எங்க வீட்டு வாசலுக்கு ஆள் வருமா?" சரியான கேள்வி. இன்றைக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். கம்பெனி வாங்கிய கடனைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். உறுப்பினர் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு கையெழுத்து அந்தப் பதிலைத் தலைகீழாக மாற்றிவிடும். அது எந்தக் கையெழுத்து என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், கடன் ஏன் உறுப்பினரைச் சேராது என்று பார்ப்போம்.

குழுவும் கம்பெனியும் ஒன்றல்ல

நமக்குப் பழக்கமான குழுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி குழுவுக்குக் கடன் கொடுக்கும்போது உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகிறோம். நாங்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் இந்தக் கடனுக்குப் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் தவணை கட்டாவிட்டால் மீதிப் பத்துப் பேர் கூட்டம் போட்டு, வாக்குவாதம் பண்ணி, கடைசியில் கையிலிருந்து போட்டுக் கட்டுகிறோம் இல்லையா? அதற்குக் காரணம் இதுதான். நம்முடைய குழு பெரும்பாலும் எந்தச் சட்டத்திலும் பதிவு ஆகாத ஒன்று. குழு என்று தனியாக ஒரு ஆள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டு பெண்கள்தான் தெரிகிறார்கள். அதனால் கடனும் அந்தப் பன்னிரண்டு பேருடையது.

கம்பெனி அப்படியல்ல. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் கையில் வந்த நாள் முதல், அங்கே புதிதாக ஒரு ஆள் பிறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆள் தன் பெயரில் நிலம் வாங்கலாம், கடன் வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குப் போடலாம். அதன்மீதும் வழக்குப் போடலாம். உறுப்பினர்கள் வருவார்கள், விலகுவார்கள், காலமாவார்கள். அந்த ஆள் அப்படியே இருக்கும்.

"உசிரில்லாத ஒண்ணை எப்படிம்மா ஆளுன்னு சொல்றது?" என்று கேட்பீர்கள். இது நமக்குப் புதிதில்லை. கோயில் நிலத்துப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? சாமி பெயரில். பூசாரி பெயரிலும் இல்லை, தர்மகர்த்தா பெயரிலும் இல்லை. பூசாரி தன் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டாமல் போனால், கடன் கொடுத்தவர் கோயில் நிலத்தை ஜப்தி செய்ய முடியுமா? முடியாது. நிலம் சாமியுடையது, கடன் பூசாரியுடையது. கோயில் சாமியைச் சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு ஆளாகத்தான் நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கம்பெனியும் அந்த மாதிரி சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு ஆள். அதன் சொத்து அதற்கு, அதன் கடன் அதற்கு. உறுப்பினர் சொத்து உறுப்பினருக்கு, உறுப்பினர் கடன் உறுப்பினருக்கு.

செருப்புத் தொழில் செய்தவரின் வழக்கு

இந்த விதி உறுதியானது ஒரு பழைய வழக்கில். லண்டன் நகரத்தில் ஒயிட்சேப்பல் என்ற பகுதியில் ஆரோன் சாலமன் என்பவர் தோல் பூட்ஸ் தயாரித்து விற்றுவந்தார். பல வருடமாக ஒண்டியாளாக நடத்திய வியாபாரம். 1892-இல் அதைக் கம்பெனியாக மாற்றினார். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அவர், மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆக ஏழு. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 பங்கு சாலமன் கையில்.

தன்னுடைய வியாபாரத்தை அந்தக் கம்பெனிக்கு அவர் விற்றார். விலையில் ஒரு பகுதியைப் பங்குகளாக வாங்கிக்கொண்டார். இன்னொரு பகுதியாக 10,000 பவுண்டுக்கு, கம்பெனிச் சொத்தின்மேல் ஈடு வைத்த கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனி தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதற்குச் சொத்து ஈடு, அவ்வளவுதான்.

வியாபாரம் படுத்துவிட்டது. வேலைநிறுத்தங்கள் வந்தன, ஆர்டர் குறைந்தது. சாலமன் அந்தப் பத்திரத்தை வைத்து வெளியாள் ஒருவரிடம் 5,000 பவுண்டு கடன் வாங்கிக் கம்பெனிக்குள் போட்டுப் பார்த்தார். அப்படியும் நிற்கவில்லை. 1893-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சொத்தை விற்று, பத்திரத்தின் பேரில் கடன் கொடுத்த வெளியாளுக்குக் கொடுத்தது போக ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. ஆனால் ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்திருந்தவர்களுக்குச் சேர வேண்டியது 7,700 பவுண்டுக்கும் மேல்.

கலைப்பு அதிகாரி நீதிமன்றத்துக்குப் போனார். "கம்பெனி என்பதே பேருக்குத்தான், எல்லாம் சாலமன்தான், அதனால் கடனை அவர் கட்டட்டும்" என்பது அவர் வாதம். கீழே இரண்டு நீதிமன்றங்களும் சாலமனுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்லின. கையில் காசு இல்லாததால் ஏழை என்ற முறையில்தான் சாலமன் மேல்முறையீடு செய்தார். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் எல்லோரும் ஒருமுகமாக அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள்.

அவர்கள் சொன்ன நியாயம் எளிமையானது. சட்டம் கேட்டது ஏழு பேர், ஏழு பேர் இருந்தார்கள். யார் எத்தனை பங்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மோசடி எதுவும் காட்டப்படவில்லை. முறைப்படி பதிவு ஆனபிறகு கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனி வாங்கிய கடனுக்குச் சாலமன் பொறுப்பில்லை. அதுமட்டுமில்லை, கம்பெனி சாலமனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரமும் செல்லும். அதனால் மிஞ்சிய ஆயிரம் பவுண்டில் முதல் உரிமை அவருக்கே. ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

கேட்கும்போது மனசு உறுத்துகிறது இல்லையா? எனக்கும் உறுத்தும். ஆனால் நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். கம்பெனி என்று தெரிந்துதான் கடன் கொடுத்தார்கள். அதன் பதிவேடுகள் பொதுவில் இருக்கின்றன, போய்ப் பார்த்திருக்கலாம். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் "லிமிடெட்" என்று எழுதச் சொல்வதே அதற்குத்தான். இதன் உறுப்பினர்களின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு, பார்த்துக் கடன் கொடு என்று உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. இந்த விதியைத்தான் நம் நாட்டு நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன.

நம்ம ஊர்க் கணக்கு

இதை நம்ம கணக்கில் போட்டுப் பார்ப்போம். இது நான் உதாரணத்துக்குப் போடுகிற கணக்கு.

முந்நூறு பெண்கள் சேர்ந்து கடலை எண்ணெய் ஆட்டும் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று தொடங்குகிறார்கள். ஆளுக்கு ₹1,000 பங்கு. மூன்று லட்சம் சேர்கிறது. எந்திரத்தையும் சரக்கையும் ஈடு காட்டி வங்கியில் எட்டு லட்சம் கடன். கமிஷன் மண்டிக்காரரிடம் இரண்டு லட்சத்துக்குக் கடலை கடன். உறுப்பினர்களே தங்கள் காட்டில் விளைந்த கடலையைப் "பணம் பிறகு வாங்கிக்கிறேன்" என்று ஒரு லட்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக மொத்தக் கடன் பதினொரு லட்சம்.

இரண்டு வருடத்தில் கம்பெனி நிற்க முடியாமல் போகிறது. கூலி பாக்கி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எந்திரத்தையும் சரக்கையும் விற்று, செலவு போக ஆறு லட்சம் வருகிறது. ஈடு வங்கியிடம் இருப்பதால் அந்த ஆறு லட்சமும் வங்கிக்கே போகும். வங்கிக்கு இன்னும் இரண்டு லட்சம் பாக்கி. மண்டிக்காரருக்கு இரண்டு லட்சம் பாக்கி. கம்பெனியிடம் வேறு சொத்து கிடையாது.

மண்டிக்காரர் உறுப்பினர் வீட்டுக்கு வந்து "உன் கம்பெனிதானே, உன் பங்குக்குக் கொடு" என்று கேட்க முடியுமா? முடியாது. கேட்டாலும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தாலிக்கொடியோ, மாடோ, வீட்டுப் பட்டாவோ அந்தக் கடனுக்கு ஈடாகாது. நீங்கள் இழப்பது பங்குக்குப் போட்ட ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் பங்கில் அறுநூறுதான் கட்டியிருக்கிறீர்கள் என்றால் மட்டும், மீதி நானூறைக் கட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. இதே தொழிலைப் பதிவில்லாத ஒரு குழுவாக நடத்தியிருந்தால், பாக்கி முழுவதும் உறுப்பினர்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு உறுப்பினர் வெளியே கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால், அந்த வட்டிக்காரர் வந்து கம்பெனியின் செக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் செக்கு அவருடையது இல்லை. முந்நூறில் ஒரு பங்குகூட அவருடையது என்று சொல்ல முடியாது. செக்கு முழுவதும் கம்பெனியுடையது. நம்ம கையில் இருப்பது பங்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. கடலை போட்ட உறுப்பினர்களுக்கு வர வேண்டிய ஒரு லட்சம் என்ன ஆனது? அதுவும் போனது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கடலை போட்ட அக்கா, பங்குப் பணம் ஆயிரத்தோடு அந்தப் பத்தாயிரத்தையும் சேர்த்து இழக்கிறார். ஏனென்றால் கம்பெனி வேறு ஆள், அவர் வேறு ஆள். வேறு ஆளுக்குச் சரக்குக் கடன் கொடுத்த வியாபாரி மாதிரி அவரும் ஈடு இல்லாதவர்கள் வரிசையில் மண்டிக்காரர் பக்கத்தில் நிற்கிறார். சாலமன் வழக்கில் கைக்கு ஒன்றும் வராமல் போனவர்களின் இடம் அது. கம்பெனி நம்முடையது என்ற நினைப்பில் மாதக்கணக்கில் பணம் வாங்காமல் சரக்குப் போட்டுக்கொண்டே இருப்பது கம்பெனிக்குக் கடன் கொடுப்பதுதான். அது தெரிந்து கொடுத்தால் சரி. கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் எடைச் சீட்டு வாங்கிவைத்து, இத்தனை நாளில் பணம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கையெழுத்து

இப்போது வங்கிக்கு வருவோம். வங்கிக்கு இன்னும் இரண்டு லட்சம் பாக்கி இருந்ததே, அது என்ன ஆகும்? கம்பெனி மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கிக்கு அது நஷ்டம். ஆனால் வங்கிக்காரர்களுக்கும் சாலமன் கதை நன்றாகத் தெரியும். அதனால்தான் கடன் கொடுக்கும் நாளிலேயே, "இயக்குநர்கள் மூணு பேரும் ஜாமீன் போட்டுடுங்க, வழக்கமான பாரம்தான்" என்று இன்னொரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார்கள்.

ஜாமீன் என்பது கம்பெனிக்காகப் போடும் கையெழுத்து இல்லை. "கம்பெனி கட்டாவிட்டால் என் சொந்தப் பணத்தில் நான் கட்டுகிறேன்" என்று நீங்கள் உங்கள் பெயரில் கொடுக்கும் வாக்கு. சட்டம் கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் எழுப்பிய சுவரில் நீங்களே ஒரு கதவு வைத்துக் கொடுக்கிறீர்கள்.

அந்தக் கதவு எவ்வளவு பெரியது தெரியுமா? 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் கடனை மூன்றாகப் பிரித்துக் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். யாரிடம் சொத்து இருக்கிறதோ அந்த ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்ற இரண்டு பேரிடமும் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "முதல்ல கம்பெனி எந்திரத்தை விற்கட்டும், மீதிக்கு எங்ககிட்ட வரட்டும்" என்றும் சொல்ல முடியாது. கடன் கொடுத்தவர் முதலில் கடன் வாங்கியவரைத் துரத்தி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பீகார் வங்கி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. பதவி முடிந்தாலும் ஜாமீன் முடியாது. நீங்கள் இயக்குநர் பதவியிலிருந்து விலகி மூன்று வருடம் ஆகியிருக்கலாம். ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீன் அப்படியே நிற்கும். வங்கி உங்களை விடுவித்து எழுத்தில் கடிதம் கொடுத்தால்தான் அது முடியும்.

அது ஜாமீன் காகிதமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்காகப் போடும் கையெழுத்தின் மேலே கம்பெனிப் பெயரும் "லிமிடெட்டுக்காக" என்ற சொல்லும் இருக்கும். கீழே "இயக்குநர்" என்று இருக்கும், கம்பெனி முத்திரை விழும். ஜாமீன் காகிதத்தில் உங்கள் பெயர், உங்கள் கணவர் அல்லது தகப்பனார் பெயர், வீட்டு முகவரி இருக்கும். உங்கள் சொந்தச் சொத்து விவரத்தைத் தனித் தாளில் கேட்பார்கள். கம்பெனிக் கடனுக்கு உங்கள் வீட்டுப் பட்டா நகல் எதற்கு? கேட்டாலே புரிந்துகொள்ளுங்கள். ஜாமீன்தாரர், உத்தரவாததாரர், கேரண்டர், கோ-பாரோயர் என்று எந்தச் சொல் இருந்தாலும் கை நிற்கட்டும்.

ஜாமீன் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில கடன் அது இல்லாமல் கிடைக்காது. போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, அதன்கீழ் இந்தக் கடனைக் கொடுக்க முடியுமா? முடியாதென்றால், என் ஜாமீன் இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது என்று தொகை எழுத ஒப்புக்கொள்வீர்களா? நான் பதவி விலகும்போது எனக்குப் பதிலாகப் புதிய இயக்குநரை ஏற்றுக்கொண்டு என்னை விடுவிப்பீர்களா? பதில் வாய் வார்த்தையாக வேண்டாம், காகிதத்தில் வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்தில் வைத்து, யார் எந்தத் தொகைக்கு ஜாமீன் போடுகிறார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முந்நூறு பேருக்காக மூன்று பேர் வீட்டை ஈடு வைக்கிறார்கள் என்றால், அது அந்த முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சுவர் தாங்காத இடங்கள்

ஜாமீன் போடாமலேயே சுவர் விழுகிற இடங்களும் உண்டு. கட்ட முடியாது என்று தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு கம்பெனிப் பெயரில் கடன் வாங்கினால், அதில் தெரிந்து பங்கெடுத்தவர்களைச் சொந்தப் பொறுப்பில் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சாலமன் தப்பித்ததே மோசடி இல்லை என்பதால்தான். கம்பெனிக் காசோலை பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகும் பணம் கொடுக்காவிட்டால், கம்பெனியோடு சேர்த்து, கையெழுத்துப் போட்டவர்மீதும் நிர்வாகத்தைக் கவனிப்பவர்மீதும் குற்ற வழக்கு வரலாம். கணக்கில் பணம் இல்லாமல் பின்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள். கம்பெனிப் பெயரைக் குறிக்காமல் வெறும் சொந்தக் கையெழுத்தில் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்தால், அது உங்கள் சொந்த நோட்டாகவே ஆகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பழக்கம்தான் இருக்கிறது. கம்பெனியை வேறு ஆளாகச் சட்டம் நடத்துகிறது. நாமும் அப்படியே நடத்த வேண்டும். அதன் பணம் அதன் வங்கிக் கணக்கில், அதன் சரக்கு அதன் இருப்புப் புத்தகத்தில், அதன் கையெழுத்து அதன் பெயரில்.

ஆகவே, "எங்க வீட்டு வாசலுக்கு ஆள் வருமா?" என்று கேட்ட அக்காவுக்குப் பதில். கம்பெனி வாங்கிய கடனுக்கு வர முடியாது. நீங்கள் சொந்தப் பெயரில் போட்ட கையெழுத்துக்கு வரலாம். அடுத்த வாரம் உங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேசும்போது, கடன் காகிதத்தில் நம் பெயருக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது, கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க ஒருவரையாவது பழக்குங்கள். படித்துச் சொல்லும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.